மார்ச் கடைசியில் ஏறிய இருப்பும் இறங்கிய விகிதமும்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் புடவைக்கடை வைத்திருக்கிறேன். ஓடி எனும் வங்கி மேலதிகப் பற்றைப் புதுப்பிக்க வங்கி வருடாந்த மீளாய்வு செய்கிறது. இருப்பு கூடி, நடைமுறை விகிதம் இறங்கிவிட்டது. என்ன சொல்லி விளக்குவது?

மார்ச் 31 எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு கிழமைதான் இருக்கும், புடவைக்கடையில் நடக்க இடமிராது. வருட முடிவு ஐந்தொகை அந்த ஒரு நாளைத்தான் காட்டுகிறது.

எங்கள் கடையில் ஒரு வருடம் நடைமுறைச் சொத்து 72 இலட்சம், நடைமுறைப் பொறுப்பு 45 இலட்சம், ஒன்றை மற்றதால் வகுத்தால் விகிதம் 1.6. அதற்கடுத்த வருடம், விலை ஏறப்போகிறது என்று பயந்து, வழக்கமாக ஏப்ரல் தொடக்கத்தில் எடுக்கும் சரக்கையும் மார்ச்சிலேயே புறக்கோட்டையில் எடுத்துவிட்டோம். மொத்தம் 35 இலட்சம். அதில் 28 இலட்சம் 60 நாள் கடன், மிச்சம் 7 ஓடியில். சொத்து 107, பொறுப்பு 80 ஆகி விகிதம் 1.34க்கு வந்தது. இதில் ஒரு சதம் நட்டமில்லை. ஒன்றுக்கு மேலிருக்கும் விகிதத்தில் இரண்டு பக்கமும் ஒரே தொகையைக் கூட்டினால் அது இறங்கத்தான் செய்யும். அந்த 35ஐ இரு பக்கமும் கழித்தால் பழைய 1.6 வந்துவிடும். இதை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

"சரி, இந்தச் சரக்கு விற்றது என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கடன் பிரிவு மிஸ் கேட்டார். நியாயமான கேள்வி. ஏப்ரல், மே இருப்பு அறிக்கைகளை வைத்தேன். 95 இலட்சம் இருப்பு மே முடிவில் 61 ஆகியிருந்தது. புறக்கோட்டைக் காசோலைகள் தீர்ந்ததும் வங்கிக் கணக்கிலேயே தெரிந்தது. உங்கள் மே இருப்பு இறங்கவில்லையென்றால் இந்த விளக்கம் நிற்காது. அது தேங்கிய சரக்கு. அதை நீங்களே பிரித்து, விலை குறைத்துக் காட்டுவதுதான் நல்லது.

நாங்கள் மாட்டிக்கொண்டது வேறிடத்தில். வங்கிக்குக் கொடுத்த மார்ச் மாத இருப்பு அறிக்கையில் 82 என்று போட்டிருந்தோம். கணக்காய்வாளர் எண்ணியது 95. மார்ச் 30 இரவு லொறியில் வந்த 13 இலட்சம் பேல்களின் பில்லை ஏப்ரல் 2ஆம் திகதிதான் பதிந்திருக்கிறார்கள். நல்ல காலம், அதில் சரக்குக் கடன்கொடுத்தோருக்குக் கொடுக்கவேண்டியதும் அதே 13ஆல் குறைந்து 30 என்று இருந்தது. 82இல் 30 போனாலும், 95இல் 43 போனாலும், காசு கொடுத்த சரக்கு 52தான். வங்கி தந்த அனுமதிக் கடிதப்படி அதில் 25 வீத மார்ஜின் கழித்தால் ஓடியில் 39 இலட்சம் வரை எடுக்கலாம். நாங்கள் எடுத்திருந்தது 37. இறக்கிய திகதி எழுதிய லொறித் துண்டை இணைத்ததும் கதை முடிந்தது.

சரக்கை எண்ணிவிட்டுப் பில்லை மட்டும் விட்டிருந்தால் வில்லங்கம். அப்போது கொள்வனவு குறைவாகத் தெரிந்து மொத்த இலாப வீதம் காரணமில்லாமல் துள்ளும். ஐந்தொகையைக் கொடுக்கமுன் அந்த வீதத்தைப் போன வருடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.