"நல்ல நிலையில் இருந்தால்" என்றால் யார் கண்ணுக்கு?

கேள்வி: திருப்பூரில் டி-ஷர்ட் தைத்து ஆன்லைனில் விற்கிறோம். சரக்கு ஓசூர் பக்கம் ஒரு வெளியார் கிடங்கில் இருக்கிறது. திரும்பி வருவதை அவர்களே பார்த்து அடுக்குகிறார்கள். "நல்ல நிலையில் இருந்தால் ஸ்டாக்கில் சேர்க்கவும்" என்று எழுதிக் கொடுத்திருந்தோம். போன மாதம், யாரோ துவைத்த சட்டை இன்னொரு வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. எப்படித்தான் எழுதிக் கொடுப்பது?

பதில்: அந்தக் கிடங்கு ஊழியருக்குத் துணி தெரியாது. நேற்று அவர் மிக்சி ஜாருக்கு ரிட்டர்ன் பார்த்திருப்பார். "நல்ல நிலை" எது என்று அவரையே முடிவு செய்யச் சொன்னதுதான் கோளாறு. கை என்ன செய்ய வேண்டும், கண் எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். தரம் தானாக வந்துவிடும்.

முதலில் வரவை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒன்று, வாடிக்கையாளர் வாங்காமலே கூரியரில் திரும்பியது. தொழிலில் இதை ஆர்.டி.ஓ. என்பார்கள், வாகன அலுவலகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கவரின் ஒட்டு பிரிபடாமலும் உள்ளே ஈரமேறாமலும் இருந்தால், பார்கோடை ஸ்கேன் செய்து நேரே அடுக்கலாம். ஒட்டு பிரிந்திருந்தால் அதுவும் இரண்டாவது வகைதான். அந்த இரண்டாவது வகை, வாடிக்கையாளர் பிரித்துப் பார்த்துத் திருப்பியது. உங்கள் உழைப்பு முழுவதும் இதற்கே போக வேண்டும்.

இந்த வகை வந்தவுடன் மென்பொருளில் ஸ்டாக் கூடக் கூடாது. "ரிட்டர்ன் நிலுவை" என்று தனி இருப்பிடம் ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். தரம் பதிவான பிறகே அது விற்பனை ஸ்டாக்குக்கு நகர வேண்டும். உங்கள் துவைத்த சட்டை பெரும்பாலும் இந்தச் சந்தில்தான் நழுவியிருக்கும்: கவரை ஸ்கேன் செய்ததும் எண்ணிக்கை கூடியிருக்கும், ஆர்டர் வந்ததும் எடுத்து அனுப்பியிருப்பார்கள்.

பரிசோதனையை இந்த வரிசையில் எழுதுங்கள். கவரைப் பிரிக்கும் முன் கூரியர் லேபிள் தெரிய ஒரு படம். பிரித்ததும் மாடல், நிறம், அளவு மூன்றும் ஆர்டரோடு ஒத்துப்போகிறதா? பழைய சட்டையை வைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. அதை இங்கேயே பிடிக்க வேண்டும். பிறகு விலை அட்டை முதலில் கோத்த நூலிலேயே தொங்குகிறதா? அடுத்து மூக்கு: கழுத்தையும் அக்குளையும் முகர வேண்டும். சோப்பு, சென்ட், வியர்வை எது அடித்தாலும் மறுபடி விற்கும் ஏ தரம் கிடையாது. கடைசியாக வெள்ளை விளக்கின் கீழ் கழுத்தின் உட்புறம், அக்குள், மார்பு, கீழ்விளிம்பு. கறுப்புச் சட்டையில் அக்குளில் வெண்கோடு தெரிந்தால் அது டியோடரன்ட்.

எல்லாம் சரி என்றால் ஏ: புதிய பாலிகவர், புதிய பார்கோடு, ஸ்டாக்குக்கு. அட்டை அறுந்து சட்டை சுத்தமாக இருந்தால் பி: உங்களுக்குத் திரும்பட்டும், அட்டை மாற்றுவதை நீங்களே செய்யுங்கள். வாசமோ கறையோ துவைத்த தடயமோ இருந்தால் சி: படம் எடுத்துத் தனியே வைக்கட்டும், ஸ்டாக்குக்குப் போகக் கூடாது. சந்தேகம் வந்தால் ஒரு படி கீழே என்பதை எழுத்திலேயே வையுங்கள். உள்ளாடையும் விற்கிறீர்கள் என்றால், கவர் பிரிந்ததெல்லாம் சி. அதில் பேச்சே வேண்டாம்.

"அளவு சின்னது" என்று வருவதற்கு மட்டும் ஒரு படி கூடுதல். ஓர் உதாரணம். எல் அளவு, மார்பு பாதி அளவு 21 அங்குலம் என்பது உங்கள் கணக்கு. அக்குள் தையலுக்கு ஓர் அங்குலம் கீழே, மேசையில் விரித்து அளந்தால் 19½ வருகிறது. தையலில் கூடக்குறைய அரை அங்குலம் விட்டிருந்தாலும் இது அதைத் தாண்டிவிட்டது. துவைத்துச் சுருங்கியதா, தைக்கும்போதே தவறா? துவைத்ததென்றால் உள்ளே இருக்கும் சலவைக் குறிப்பு லேபிள் கசங்கிச் சுருண்டிருக்கும். பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்புறம் வந்திருக்கலாம். துணியின் மேல் நூலிழை சிறு சிறு உருண்டையாகத் திரண்டிருக்கும். அப்போது சி. இவை எதுவும் இல்லாமல் அட்டையும் அப்படியே இருந்தால், எம் சட்டையில் எல் லேபிள் தைத்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சட்டைக்குத் தரம் போடாமல் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். அதே லாட்டில் அலமாரியில் இருக்கும் எல் சட்டைகளில் பத்தை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு குறைந்தாலே லாட்டை நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாக விற்று, ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்று, இரண்டு பக்கக் கூரியர் கூலியையும் நீங்களே கட்டுவீர்கள்.

கூலி விஷயத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று மட்டும் பேசியிருந்தால், அவசரத்தில் எல்லாமே ஏ ஆகிவிடும். சி போட்டால் படம் எடுக்க வேண்டும், தனியே வைக்க வேண்டும், அவர்களுக்கு வேலை கூடுகிறது. பி, சி பீஸுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுங்கள், படம் கட்டாயம் என்ற நிபந்தனையோடு. கூடவே வாரம் ஒரு முறை, ஏ என்று முடித்த கவர்களில் இருபதைத் திருப்பூருக்கு வரவழைத்து, உங்கள் செக்கிங் மேசையில் துணி தெரிந்த ஒருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தப்பியது ஒன்று இருந்தாலும் எந்தப் படியில் தப்பியது என்று பார்த்து, அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி எழுதி அனுப்புங்கள்.