750 எம்பி கிளிப்பை 10 எம்பிக்குள் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: வாலரண்டில் ஒரே ரவுண்டில் ஐந்து பேரையும் நானே அடித்தேன். நண்பர்களுக்கு டிஸ்கார்டில் அனுப்பப் போனால் ஃபைல் பெரிதாக இருக்கிறது என்கிறது. இரண்டு நிமிட வீடியோ, 750 எம்பி. ஜிப் செய்தும் குறையவில்லை. ஒரு வெப்சைட்டில் கொடுத்தேன். சின்னதாகிவிட்டது, ஆனால் எதிரி எங்கே நிற்கிறான் என்றே தெரியவில்லை. டிஸ்கார்டின் நைட்ரோ சந்தாவுக்குப் பணம் கட்டும் எண்ணம் இல்லை. என்ன வழி?

பதில்: முதலில் வெட்டுங்கள். ஐந்து பேரையும் அடித்தது இருபது நொடிக்குள் முடிந்திருக்கும். மீதி ஒன்றே முக்கால் நிமிடம் நீங்கள் ஓடுவதும் துப்பாக்கி வாங்குவதும்தான். அதை யாரும் பார்க்கப் போவதில்லை. இருபது நொடியை மட்டும் வைத்துக்கொண்டால் 750 எம்பி 125 ஆகிவிடும், அதுவும் தரம் துளியும் குறையாமல்.

ஜிப் ஏன் உதவவில்லை என்றால், வீடியோ ஏற்கெனவே பிழிந்தெடுக்கப்பட்ட ஃபைல். பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் சொட்டு வராது. ஜிப், ரார் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இனி 125-ஐப் பத்துக்குக் கொண்டுவர வேண்டும். டிஸ்கார்டில் பணம் கட்டாதவர்களுக்கு ஒரு ஃபைலுக்கு 10 எம்பிதான். 2023-ல் இதை 25 ஆக உயர்த்தினார்கள். அடுத்த ஆண்டே 10-க்கு இறக்கப் போவதாக அறிவித்துவிட்டார்கள். கேம் ரெக்கார்டர்களோ உங்கள் கிளிப்பில் இருப்பதுபோல் நொடிக்கு 50 மெகாபிட் என்று அள்ளிக் கொட்டுகின்றன. இரண்டு பக்கமும் பேசிக்கொள்வதே இல்லை, நடுவில் நாம்தான் கால்குலேட்டரோடு உட்கார வேண்டியிருக்கிறது.

கணக்கு சுலபம். விளிம்பில் இடிக்காமல் 9.5 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 76,000 கிலோபிட். அதை நொடிகளால் வகுத்தால் ஒரு நொடிக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்பது கிடைக்கும், அதுதான் பிட்ரேட். உங்கள் இருபது நொடிக்கு 3,800. ஒலிக்கு 128 ஒதுக்கினால் படத்துக்கு 3,670 சொச்சம் மிஞ்சும். 3,600 என்று போடுங்கள்.

இதைச் செய்ய ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். ஆனால் இறக்குவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். தேடுபொறியில் பெயரைத் தட்டினால் விளம்பரங்களும், பெயரை மட்டும் ஒட்டிக்கொண்ட தளங்களும் வரலாம். அசல் முகவரி handbrake.fr மட்டுமே. 2017 மே மாதத்தில் அவர்களுடைய டவுன்லோட் சர்வர் ஒன்றிலேயே யாரோ புகுந்து, மேக் பதிப்புக்குப் பதிலாக வைரஸ் கலந்த ஃபைலை வைத்துவிட்டார்கள். அசலுக்கே அந்த நிலை என்றால் மற்ற தளங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நீங்கள் போன மாதிரி ‘ஆன்லைனில் வீடியோவைக் குறைக்கிறோம்’ என்கிற தளங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பத்து பச்சை பட்டன் இருக்கும், அதில் ஒன்றுதான் உண்மையான டவுன்லோட். பிரவுசர் நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கேட்பார்கள். கொடுத்தால் அன்றிலிருந்து ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று தினமும் பயமுறுத்துவார்கள். திரும்ப வருவது வீடியோவாக இல்லாமல் .exe என்று முடிந்தால் தொடாமல் அழித்துவிடுங்கள். 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. டென்வர் அலுவலகமே இலவச ஆன்லைன் கன்வெர்ட்டர்கள் வழியாகத் தீம்பொருள் பரவுவதாக எச்சரித்தது. ‘எம்பி குறைக்கும் ஆப்’ என்று டெலிகிராமில் சுற்றும் ஏபிகே ஃபைல்களும் அதே கூட்டம்தான்.

சரி, ஹேண்ட்பிரேக்குக்கு வருவோம். கிளிப்பைத் திறந்ததும் Range என்ற இடத்தில் Seconds தேர்ந்தெடுத்து, தொடக்க நொடியையும் முடியும் நொடியையும் கொடுங்கள். வெட்டும் வேலை அங்கேயே முடிந்துவிடும். Dimensions பகுதியில் 720p ஆக்குங்கள். Video பகுதியில் H.264 (x264) தேர்ந்தெடுத்து, Avg Bitrate-ல் 3600 போட்டு, Multi-Pass Encoding-ஐ டிக் செய்யுங்கள். Audio பகுதியில் பிட்ரேட்டை 128 ஆக்குங்கள். உங்கள் மைக் தனி டிராக்காகப் பதிவாகியிருந்தால் அங்கே இரண்டு டிராக் இருக்கும். வேண்டாததை நீக்குங்கள், இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும். அப்புறம் Start Encode. வருகிற ஃபைல் ஏறக்குறைய 9.3 எம்பி இருக்கும்.

1080-ஐ விட்டுக்கொடுக்கச் சொன்னால் எல்லோருக்கும் மனசு வராது. ஆனால் 1080-ல் இருக்கும் புள்ளிகள் 720-ல் இருப்பதைப்போல் இரண்டே கால் மடங்கு. அதே 3,600-ஐ அத்தனை புள்ளிக்கும் பங்கு போட்டால், நீங்கள் சட்டென்று திரும்பும் நொடியில் படம் கட்டம் கட்டமாக உடையும். எதிரி தெரியாமல் போனது இப்படித்தான் இருக்கும்: அந்தத் தளம் பிட்ரேட்டைக் கண்டபடி குறைத்திருக்கும். வாலரண்டின் சுவர்கள் மழமழவென்று இருப்பதால் உங்களுக்கு 720 தாராளமாகப் போதும். பப்ஜி மாதிரி புல்லும் மரமும் நிறைந்த கேம் என்றால் இதே எண்ணில் இன்னும் சற்று மங்கும்.

அந்த Multi-Pass எதற்கு என்றால், மென்பொருள் முதல் சுற்றில் வீடியோ முழுவதையும் பார்த்து எங்கே அசைவு அதிகம் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் சுற்றில், நீங்கள் மூலையில் காத்திருக்கும் நொடிகளில் மிச்சம் பிடித்து, திரும்பிச் சுடும் நொடிகளில் செலவழிக்கும். கடைசி அளவும் ஏறக்குறையச் சொன்னபடி வரும். ‘எனக்கு 10 எம்பி வேண்டும்’ என்று நேராகக் கேட்கும் வசதி முன்பு ஹேண்ட்பிரேக்கிலேயே இருந்தது, எடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் தொழில்நுட்பக் காரணம் சொல்வார்கள். சாதாரண ஆளுக்கு வேண்டியது அதுதானே?

H.264-க்குப் பதில் H.265 போட்டால் இன்னும் சின்னதாகும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் சில நண்பர்களின் கணினியில் படம் வராமல் சத்தம் மட்டும் வரும். வேண்டாம்.

இதெல்லாம் டிஸ்கார்டுக்கு. வாட்ஸ்அப் என்றால் விஷயமே வேறு, அங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். நீங்கள் எவ்வளவு அழகாகச் சுருக்கினாலும், கேலரியிலிருந்து வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைத் தன் பங்குக்கு மறுபடி சுருக்கிவிடும். HD பட்டனை அழுத்தினாலும் சுருக்கும், கொஞ்சம் கருணையோடு. அதனால் ஃபைல் இணைக்கும் அடையாளத்தைத் தொட்டு, Document என்பதைத் தேர்ந்தெடுத்து, அதன் வழியாக ஃபைலை அனுப்புங்கள். அப்போது உள்ளே கை வைக்காமல் அப்படியே போகும், 2 ஜிபி வரைக்கும். வாங்குகிறவர் போனில் வீடியோவாகத் தெரியாமல் வெறும் ஃபைல் பெயராகத் தெரியலாம். தொட்டுத் திறக்கச் சொல்லுங்கள். அந்த வழியில் 125 எம்பி கிளிப்பைக்கூட அனுப்பலாம்தான், ஆனால் குழுவில் இருக்கும் முப்பது பேரின் டேட்டாவும் போகும். 9 எம்பி ஃபைலையே அனுப்புங்கள்.

முடித்ததும் கில் நடக்கும் இடத்தில் நிறுத்தி, மினி மேப்பையும் மேலே வரும் பெயர்களையும் பாருங்கள். எழுத்து படிக்க முடிந்தால் போதும். உடைந்திருந்தால் பிட்ரேட்டை மட்டும் ஏற்றாதீர்கள், இன்னும் மூன்று நொடி வெட்டிவிட்டுக் கணக்கை மறுபடி போடுங்கள். நாற்பது நொடிக்குக் கீழே குறைக்கவே முடியாது என்றால் 10 எம்பியோடு மல்லுக்கட்ட வேண்டாம். யூடியூபில் Unlisted ஆக ஏற்றி லிங்கை அனுப்பிவிடுங்கள்.