ஓடும் பிவிசி குழாயில் கிளை எடுப்பது: ஸ்லிப் கப்ளிங் கேள்வி பதில்

கேள்வி: சுவரோரம் போகும் குழாயில் ஒரு டீ போட வேண்டும். இரண்டு பக்கமும் கிளாம்ப் அடித்திருக்கிறது, துளியும் வளையாது. டீ நீளத்துக்கு வெட்டி, நடுவில் வரம்பில்லாமல் குழாயின் மேல் முழுதாக நகரும் ஸ்லிப் கப்ளிங் ஒன்று போட்டால் போதுமா?

பதில்: போதாது. டீயின் வாய்க்குள் குழாய் 28 மிமீ போகிறது என்று வையுங்கள். அதை மாட்ட அத்தனை தூரம் நெடுக்காக நகர்த்தியாக வேண்டும். அந்தத் தூரத்தையும் சேர்த்து வெட்டினால், மாட்டிய பிறகு மறுமுனையில் அதே 28 மிமீ இடைவெளி நிற்கும். 60 மிமீ நீளக் கப்ளிங் அதன்மேல் உட்கார்ந்தால் பக்கத்துக்கு 16 மிமீ பிடிப்புதான் மிஞ்சும். அழுத்தம் தாங்கும் குழாய்க்கு அது பற்றாது.

உங்களுக்கு இரண்டு ஸ்லிப் கப்ளிங் தேவை. டீயின் இருபுறமும் துண்டுக் குழாய்களை மேசையிலேயே ஒட்டி, வெளியே 35 மிமீ தெரியும்படி விடுங்கள். ஒவ்வொரு துண்டும் 28 கூட்டல் 35, அதாவது 63 மிமீ. டீக்குள் இரு தடுப்புகளுக்கு நடுவே 40 மிமீ என்றால் மொத்தம் 166. 168 மிமீ வெட்டினால் துண்டு அப்படியே உள்ளே உட்காரும். அதற்கு முன்பே கப்ளிங்குகளைக் குழாயின் மேல் ஒதுக்கி வைத்து, பிறகு இணைப்பின் மேல் தள்ளுங்கள். இவை ஓர் உதாரண அளவுகள்தான். உங்கள் கையிலிருக்கும் டீயையும் கப்ளிங்கையும் அளந்த பிறகே பிளேடை எடுங்கள்.

கேள்வி: என் குழாயில் வெட்டும் இடத்தை ஒட்டியே ஒரு எல்போ வருகிறது. கப்ளிங்கை எங்கே ஒதுக்கி வைப்பது?

பதில்: வழக்கமாகப் பழைய குழாயின் மேல்தான். முனையில் பசை பூச 30 மிமீ, கப்ளிங் ஒதுங்க 60 மிமீ, ஆக 90 மிமீ நேர்க்குழாய் அங்கே வேண்டும். அது இல்லையென்றால் அந்தப் பக்கத் துண்டை நீளமாக்கி, கப்ளிங்கை அதன்மேல் ஒதுக்குங்கள். வெட்டும் நீளமும் அதற்கேற்பக் கூடும். எல்போவிலிருந்து 30 மிமீகூட இல்லையா? எல்போவையும் சேர்த்து வெட்டிப் புதிதாகப் போடுவதே மேல்.

கேள்வி: ஸ்லிப் கப்ளிங்குக்கு ஏன் அலைய வேண்டும்? சாதாரணக் கப்ளிங்கின் நடு வரம்பை அரத்தால் ராவிவிட்டால் அதுவே ஸ்லிப் கப்ளிங். நான் கழிவுநீர்க் குழாயில் செய்திருக்கிறேன், இன்றும் ஒழுகவில்லை.

பதில்: பாதி சரி. வரம்பு போனால் குழாய் ஊடுருவும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கப்ளிங்கின் உட்புறம் நடுவை நோக்கிச் சற்றே குறுகும். வரம்பைத் தாண்டியும் குழாய் இறுகும். அது வழுக்கும்வரை ராவினால் சுவர் மெலிந்து, மேடு பள்ளமாகிவிடும். அழுத்தமில்லாத கழிவுநீருக்கு அது பிழைத்திருக்கலாம். குடிநீர்க் குழாயில் நான் அனுமதிக்க மாட்டேன்.

கேள்வி: ஐயா, பசை பூசித் தள்ளியபோது பாதி வழியில் இறுகிவிட்டது. சுத்தியலால் தட்டியும் நகரவில்லை. பசை கெட்டுப்போனதா?

பதில்: பசையைக் குறை சொல்ல வேண்டாம். சாதாரண இணைப்பில் குழாய் ஒரே மூச்சில் உள்ளே போய்விடும். இங்கே கப்ளிங் ஈரப்பசையின் மேல் 60 மிமீ ஊர வேண்டும். அதோடு, ஒதுங்கியிருக்கும் கப்ளிங்கின் உள்ளே தூரிகை போகாது. பசை முழுவதையும் குழாய் முனைகள்தாம் சுமக்கின்றன. கப்ளிங்கின் விளிம்பு அதையும் வழித்துக்கொண்டே வரும். ஆகவே சீக்கிரம் இறுகும் மெல்லிய பசை வேண்டாம், நிதானமாக இறுகும் கெட்டிப் பசையை வாங்குங்கள்.

முதலில் பசையில்லாமல் தள்ளிப் பாருங்கள். வெட்டிய பிசிரையும் பழைய பெயிண்டையும் உப்புத்தாளால் எடுங்கள். இரு முனையிலிருந்தும் 30 மிமீயில் பென்சில் கோடு போடுங்கள். கோடு வரை இருபுறமும் தாராளமாகப் பூசி, சற்றே திருகியபடி நிறுத்தாமல் கோட்டுக்குக் கொண்டுவந்து, அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். ஒரு கப்ளிங்கை முடித்த பிறகே அடுத்ததற்குப் பசை. நடுவில் நின்றுவிட்டதைத் தட்டிப் பயனில்லை, வெட்டி எடுக்க வேண்டியதுதான்.

கேள்வி: எங்கள் வீட்டில் இரும்புக் குழாய். இதே கப்ளிங் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. இந்தப் பசை பிவிசியைக் கரைத்து ஒட்டுவது, இரும்பில் பிடிக்காது.

கேள்வி: வால்வை மூடினாலும் சொட்டு வந்துகொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்து ஒட்டினேன். இப்போது விளிம்பில் நீர் கசிகிறது. மேலே பசை பூசினால் நிற்குமா?

பதில்: நிற்காது. ஒட்டும் நேரத்தில் ஓடிய நீர் உள்ளே ஒரு தடம் விட்டிருக்கும். வெளிப்பூச்சு அதை எட்டாது. வெட்டிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். அதற்கு முன் தாழ்வான குழாய்களையெல்லாம் திறந்து நீரை வடியவிடுங்கள், மேலே ஒரு குழாயைத் திறந்து காற்றும் புக விடுங்கள். அதற்குப் பிறகும் சொட்டினால் பழுது வால்வில். அதை முதலில் பாருங்கள்.

கேள்வி: ரப்பர் வளையம் வைத்து நீளும் கப்ளிங் வருகிறதே, அது இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் முடிவுதானே?

பதில்: ஒதுக்க இடமில்லாத மூலையில் அது உதவும். சுவருக்குள் பூசி மூடும் இடத்தில் ரப்பரை நம்பலாமா என்பதில் என்னோடு வேலை செய்பவர்களே இரு கட்சி. நான் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் போடுகிறேன்.

கேள்வி: ஒட்டியதும் எப்போது தண்ணீர் விடலாம்?

பதில்: பசை டப்பாவில் குழாய் அளவுக்கும் வெப்பநிலைக்கும் தனித்தனி நேரம் இருக்கும். நான் சிறிய குழாய்க்கும் 24 மணி நேரம் விடுவேன். பிறகு வால்வை மெல்லத் திறந்து, இரண்டு கப்ளிங்கின் நான்கு விளிம்புகளிலும் காய்ந்த காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் கசிவு அதில் தெரிந்துவிடும். மறுநாளும் ஒருமுறை ஒற்றிய பிறகே சுவரைப் பூசுங்கள்.