எல்ஆர், டிசி: இன்வார்டுக்கு எதுல இருந்து எதை எடுக்கணும்?

"லாரி ரசீதுல ஒரு எடை, டெலிவரி சலான்ல ஒரு எடை இருக்கு, ஸ்டாக் இன்வார்டுல எதை போடணும்?"

டிசில இருக்கற எடைதான், ஆனா மூட்டையை எண்ணிப் பாத்துட்டு. எல்ஆர் லாரிக்காரங்க தர்ற ரசீது, டிசி சரக்கு அனுப்பினவங்க எழுதற சீட்டு. ஊர்ல இருந்து அம்மா பஸ்ல மூட்டை போட்டு விட்டா கண்டக்டருக்கு 'ஒரு மூட்டை'னு மட்டும்தான் தெரியும், உள்ள எவ்ளோ அரிசின்னு அம்மா எழுதின சீட்டுதான் சொல்லும், அதே மாதிரிதான்.

உதாரணமா நூல் 20 மூட்டை, டிசில நெட் 1000 கிலோ. எல்ஆர்ல ஆக்சுவல் 1010, சார்ஜ்டு 1200னு இருக்கும். 1010ல சாக்கும் நூல் சுத்தியிருக்கற கோனும் சேந்திருக்கு, 1200 வாடகை போடறதுக்கான கணக்கு, இதை ஸ்டாக்ல ஏத்தினா இல்லாத 200 கிலோ உக்காந்துடும். 19 மூட்டைதான் இறங்குச்சுன்னா எல்ஆர் காப்பில குறைவுன்னு எழுதிட்டு கையெழுத்து போடுங்க, எண்ட்ரி 950 கிலோ.

வண்டி நம்பரை கேட்ல நிக்கற வண்டியைப் பாத்தே எழுதுங்க, நடுவுல வேற வண்டிக்கு மாத்தியிருக்கலாம். கன்சைனீ, அதாவது சரக்கு போய்ச் சேர வேண்டிய இடம், உங்க எந்த குடோன்னும் பாருங்க.

எல்ஆர்ல கையெழுத்து போட்டாலே சரக்கு முழுசா சரின்னு ஒத்துக்கிட்டதா பலர் நினைக்கறாங்க, அது மூட்டை எண்ணிக்கைக்கும் வெளியில தெரியற நிலைமைக்கும்தான்.