வகுப்பை நிறுத்துவது எப்படி? – ஒரு ரீச்சரின் கடிதம்

வணக்கம் அண்ணா,

ஆரையம்பதியில் ஒரு வீட்டுக்குப் போய் மகனுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். கிழமைக்கு இரண்டு நாள், இரண்டு வருடமாகிறது. இப்போது பத்தாம் தரம். தகப்பன் கட்டாரில் இருக்கிறார். தாயை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். போனால் இடியப்பம், சொதி சாப்பிடாமல் அனுப்பமாட்டா. எனக்கு வருகிற வருடம் கல்வி டிப்ளோமா வகுப்பு தொடங்குகிறது, பின்னேரங்கள் வேண்டும். அதைவிட, களைத்தும் போனேன். சின்ன மகளும் எப்போதோ வகுப்பில் வந்து இருக்கத் தொடங்கிவிட்டாள், அவளுக்குக் காசு கேட்கவில்லை. மகனின் இரண்டு மாதக் காசும் நிலுவை. நிறுத்தப்போகிறேன் என்று சொல்ல மூன்று தரம் வாய் திறந்தேன், முடியவில்லை. அக்காவோடு கோபதாபம் வராமல் எப்படி முடிப்பது?

– ஒரு ரீச்சர்

அன்பான தங்கச்சிக்கு,

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், என்ன செய்யக்கூடாது என்பது அதிலேயே இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு வீட்டு வகுப்பை நிறுத்த வேண்டியிருந்தது. உண்மையான காரணம் சின்னது. அந்த வீடு தூரம், இரவில் சைக்கிளில் திரும்பி வருவது கஷ்டம். இவ்வளவு சின்னக் காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, "நெஞ்சு நோகுது, பின்னேரத்தில அலையவேண்டாமெண்டு டொக்டர் சொல்லிட்டார்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா அடுத்த வெள்ளிக்கிழமை மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போய் என் பெயரில் அர்ச்சனை செய்து விபூதி கொடுத்தனுப்பினா. மூன்றாம் கிழமை, எங்கள் பக்கத்து ஒழுங்கையில் இன்னொரு பிள்ளைக்குப் படிப்பித்துவிட்டு வெளியே வருகிறேன், எதிரே அவ. ஒன்றும் பேசவில்லை. வகுப்பை விட்டதற்காக அவ கோபித்திருக்கமாட்டா என்று இப்போதும் நினைக்கிறேன். விபூதிதான் அவவை நோகடித்தது.

ஆகவே காரணம் ஒன்றே இருக்கட்டும், அது உண்மையாக இருக்கட்டும். உங்களிடம் அப்படி ஒன்று இருக்கிறது: டிப்ளோமா. களைப்பையும் நிலுவைக் காசையும் சின்ன மகள் விஷயத்தையும் அதோடு கோர்க்காதீர்கள். நான்கு காரணம் சொன்னால் கேட்பவர் கடைசிக் காரணத்தைத்தான் பிடித்துக்கொள்வார். "காசுக்காகத்தான் போறா" என்று ஒரு வாக்கியம் ஆரையம்பதியில் கிளம்பினால் காத்தான்குடி தாண்டிக் கல்லடிக்கு வர ஒரு பின்னேரம் போதும். இன்னொன்று, டிப்ளோமாவைக் காரணமாகச் சொல்லிவிட்டு வேறு வீட்டுப் பின்னேர வகுப்பு எதையும் தொடங்கவேண்டாம். என் கதையில் நடந்ததே உங்களுக்கும் நடக்கும்.

சொல்வதற்கு முன் கடைசி நாளை முடிவு செய்யுங்கள். உங்கள் மகனுக்கு (இரண்டு வருடம் படிப்பித்த பிள்ளை, அப்படியே சொல்கிறேன்) பத்தாம் தரத்து மூன்றாம் தவணைப் பரீட்சைதான் சரியான எல்லை. சாதாரண தரப் பரீட்சையில் பத்தாம், பதினோராம் தரப் பாடங்கள் இரண்டுமே வரும். பதினோராம் தரம் தொடங்கும்போதே புது ஆள் வந்துவிட்டால் அவர் முழு வருடத்தையும் தன் கையில் எடுக்கலாம். பதினோராம் தரத்தின் நடுவில் விட்டால், நல்ல ரீச்சர்மார் எல்லாருடைய நேரமும் அதற்குள் நிரம்பியிருக்கும். தாய் ரீச்சர் தேடி அலையவேண்டிவரும், அந்த அலைச்சல் உங்கள் பெயரில்தான் எழுதப்படும். கடைசி நாளுக்கு ஆறு கிழமைக்கு முன்னால் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் சொன்னால் வகுப்பு இழுபட்டுக் கிடக்கும், பிள்ளையும் 'இவ போகத்தானே போறா' என்று வீட்டுவேலை செய்யமாட்டான்.

தாயிடம்தான் முதலில் சொல்லவேண்டும். நேரில், வகுப்பு இல்லாத ஒரு நாளில். வட்ஸ்அப் வேண்டாம், குரல் செய்தியும் வேண்டாம். அந்தச் செய்தி அப்படியே கட்டாருக்குப் போகும். அங்கே வேலை முடிந்து களைத்துக் கிடக்கும் மனிசன் அதை எந்தத் தொனியில் கேட்பார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. வகுப்பு முடிந்து வாசலில் செருப்புப் போடும்போதும் சொல்லாதீர்கள். உங்களுடைய மூன்று முயற்சியும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். வாசலில் நின்று சொல்லத் தொடங்கினால் பிள்ளை உள்ளே கேட்டுக்கொண்டிருப்பான், நீங்களும் பாதியில் விழுங்கிவிடுவீர்கள். உட்கார்ந்து, தேத்தண்ணி வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். குடித்த பிறகு இன்னும் கஷ்டமாகிவிடும்.

இவ்வளவு போதும்: "அக்கா, வாற வருசம் எனக்கு டிப்ளோமா தொடங்குது, பின்னேரத்தில வரேலாது. தம்பிக்கு மூண்டாந் தவணைச் சோதனை மட்டும் நான் வாறன். அதுக்குப் பிறகு வேற ஆள்தான் பார்க்கவேணும். ஆரெண்டு தேட நானும் உதவி செய்யிறன்."

அதன்பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். அவ மூன்று கேள்வி கேட்பா. முதலாவது, "காசு கூட்டித் தரவா?" இதற்கு "காசுப் பிரச்சினை இல்ல அக்கா, நேரந்தான்" என்று ஒரு தரம் மட்டும் சொல்லுங்கள். இரண்டாவது, "சோதனை முடியுமட்டும் இருங்கோவன்." நல்ல கேள்விதான், ஆனால் அவ சொல்வது சாதாரண தரப் பரீட்சையை, அதாவது இன்னும் ஒரு வருடத்தை. டிப்ளோமா அதற்குள்தான் வருகிறது என்று திகதியையே காட்டுங்கள். மூன்றாவதில்தான் பெரும்பாலானவர்கள் விழுவார்கள்: "அப்ப ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒருக்கா வந்து பாருங்கோ." அதற்கு மாட்டேன் என்று சொல்லுங்கள். கிழமைக்கு ஒரு நாள் என்று ஒத்துக்கொண்டால் புது ரீச்சர் தேடப்படமாட்டார். நீங்களும் இரண்டு நாளில் முடிக்கும் பாடத்தை ஒரு நாளில் அரைகுறையாக முடிப்பீர்கள். புள்ளி குறையும், பிறகு அந்தக் குறைவோடு நீங்கள் வெளியேறவேண்டும். நட்பு உடைவது பெரும்பாலும் இந்த அரை வகுப்புகளில்தான்.

அக்கா அழுதால் அழட்டும். திகதியை மட்டும் மாற்றாதீர்கள்.

பிள்ளைக்கு அடுத்த வகுப்பில் நீங்களே சொல்லுங்கள், தாய் வாயால் மட்டும் அவன் கேட்கக்கூடாது. பதினைந்து வயதுப் பொடியனுக்கு முதலில் தோன்றுவது 'நான் மொக்கன், அதுதான் ரீச்சர் போறா' என்பதுதான். அவன் அதைச் சொல்லமாட்டான். சொல்லாமல் இரண்டு கிழமை கொப்பியே திறக்கமாட்டான், அப்போதே புரிந்துகொள்ளுங்கள்.

இனி அந்த ஆறு கிழமையும் என்ன செய்வது? இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கடைசி நான்கு வகுப்பில் புதுப் பாடம் எடுக்கவேண்டாம். பத்தாம் தரத்து பழைய தவணை வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்துச் செய்ய விடுங்கள், நீங்கள் பக்கத்தில் வாய் திறக்காமல் இருங்கள். பிறகு ஒற்றைப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள். 'நல்ல பிள்ளை, கவனம் குறைவு' என்று எழுதினால் புது ஆளுக்கு ஒரு பயனும் இல்லை. என்னிடம் இருந்து இன்னொரு சேரிடம் போன ஒரு பொடியனுக்கு நான் எழுதியது ஏறத்தாழ இப்படி: அடைப்புக்குறிக்கு முன்னால் சயக் குறி வந்தால் பிழை விடுவான், −(x − 3) என்பதை −x − 3 என்றே எழுதுவான். உருளையின் கனவளவுச் சூத்திரம் தெரியும், ஆனால் விட்டம் தந்திருந்தால் அதை ஆரையாக்க மறப்பான். கேத்திரகணித நிறுவல் என்றால் வாசிக்காமலே தாண்டுவான்.

கடைசி வரிதான் புது சேருக்குப் பெறுமதி. சாதாரண தரக் கணிதத்தின் இரண்டாம் வினாத்தாளில் பி பகுதியில் 6 வினாக்கள், 5 செய்யவேண்டும். ஒரு கேத்திரகணித வினாவை ஒதுக்கினால் தெரிவு அதோடு முடிந்தது, மிச்சம் ஐந்தையும் செய்தே ஆகவேண்டும். இந்தப் பொடியன் எங்கே மாட்டுவான் என்று கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு மாதம் போயிருக்கும். அந்தத் தாள் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டது. குறிப்பைத் தாயிடம் கொடுங்கள், புது ஆள் யார் என்று தெரிந்தால் அவருக்கும் ஒரு பிரதி. சின்ன மகளுக்கும் நான்கு வரி எழுதுங்கள். காசு வாங்காமல் படிப்பித்தாலும் அவளும் உங்கள் மாணவிதான்.

புது ஆளைத் தேடிக் கொடுக்கும்போது இரண்டு பேரைச் சொல்லுங்கள், ஒருவரை அல்ல. ஒருவரை மட்டும் சொன்னால், அவர் சரிவராதபோது பழி உங்களுக்கு.

காசுக் கதைக்கு வருகிறேன். செய்தி சொல்லும் அன்று அதை எடுக்காதீர்கள். அடுத்த வருகையில், "அக்கா, இரண்டு மாதக் காசு நிக்குது, கடைசி வகுப்புக்கு முதல் பார்த்துத் தருவீங்களா?" என்று நேரே கேளுங்கள். "பரவாயில்ல, இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பெருந்தன்மை போலத் தெரியும், ஆனால் கடன்பட்டவர் கண்ணுக்கு எட்டினால் ஒதுங்கித்தான் போவார். கோயில் திருவிழாவில் உங்களைக் கண்டு அக்கா மற்றப் பக்கம் திரும்பினால் அதற்குக் காரணம் வகுப்பு அல்ல, அந்த நிலுவையாக இருக்கலாம். உண்மையிலேயே கட்டாரில் இருந்து காசு வரவில்லை என்று தெரிந்தால், "ஒரு மாதத்தைத் தாங்கோ, மற்றது கணக்கில இல்ல" என்று அன்றே முடித்துவிடுங்கள். இரண்டில் எதுவானாலும் கணக்கு முடிந்திருக்கவேண்டும், தொங்கக்கூடாது. முற்பணம் வாங்கியிருந்தால் படிப்பிக்காத நாளுக்கு உரியதைத் திருப்பிக் கொடுங்கள்.

கடைசி நாள் அக்கா சேலையோ எதுவோ தருவா. வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்பது அவவுக்கு அவமானம்.

அதன்பிறகு மூன்று கிழமை அந்த வீட்டுப் பக்கம் போகவேண்டாம், புது ரீச்சர் அங்கே நிலைக்கட்டும். பிறகு ஒரு நாள் போங்கள், பை இல்லாமல். தம்பி கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து "இதை ஒருக்கா பாருங்கோ ரீச்சர்" என்பான். பாருங்கள், ஆனால் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுக்காதீர்கள்.