பார்வை 1,400, ஆர்டர் பூஜ்யம்: உங்கள் தோசைக்கல்லை அந்நியர் கண்ணால் படியுங்கள்

கேள்வி: கோவையில் வார்ப்பெடுத்த 12 இன்ச் தோசைக்கல்லை ஆன்லைனில் 1,450 ரூபாய்க்குப் போட்டிருக்கிறேன். ஒரு மாதத்தில் 1,400 பேர் பார்த்திருக்கிறார்கள், ஒரு ஆர்டர்கூட இல்லை. கல் நல்ல கல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விலையைக் குறைக்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு விலையில் கை வைக்காதீர்கள். முதலில் அந்த 1,400 உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய எண்ணிக்கைதானா என்று பார்த்துவிடுவோம். பார்க்கிற நூறு பேரில் சராசரியாக ஒருவர் வாங்குகிற பொருள் என்று வைத்துக்கொண்டால், முதல் 100 பார்வையில் யாருமே வாங்காமல் போக மூன்றில் ஒரு பங்குக்கும் மேலேயே வாய்ப்பு இருக்கிறது, அதனால் 100 பார்வையை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. 400 பார்வைக்குப் பிறகும் பூஜ்யம் என்றால் அந்த வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கும் கீழே போய்விடும். உங்களுடையது 1,400. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டு வந்த பார்வைகளைக் கழித்தாலும், உங்கள் விற்பனைப் பக்கத்தில் ஏதோ தடுக்கிறது என்பது உறுதி.

அடுத்து, கார்ட்டில் எத்தனை பேர் சேர்த்தார்கள் என்று விற்பனையாளர் கணக்கில் பாருங்கள். கார்ட் வரை வந்துவிட்டுத் திரும்பியிருந்தால் பெரும்பாலும் கூரியர் செலவுதான் காரணம். கல் கனமான பொருள், உங்கள் பின்கோடுக்குக் காட்டுகிற தொகையும் கோரக்பூரில் இருப்பவருக்குக் காட்டுகிற தொகையும் ஒன்றாக இருக்காது. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் கார்ட் எண்ணிக்கை 3 என்று இருக்கிறது. அதாவது கிட்டத்தட்ட எல்லோரும் படித்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், எனவே சிக்கல் எழுத்தில்தான்.

உங்கள் பக்கத்தை நீங்களே எத்தனை தடவை படித்தாலும் குறை தெரியாது, ஏனென்றால் விடுபட்டதையெல்லாம் உங்கள் மனசே நிரப்பிக்கொள்ளும். "மீடியம் சைஸ்" என்று படிக்கும்போதே உங்கள் கைக்கு அந்தக் கல்லின் கனம் தெரிந்துவிடுகிறது. படிப்பவருக்கு அது வெறும் "மீடியம்". அதனால் நான் செய்தது இதுதான்: எதிர் வீட்டு அக்காவிடம், லாகின் செய்யாத ஒரு போனில், உங்கள் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். உங்களைப் பற்றியோ கல்லைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. அரை நிமிஷம் கழித்துப் போனை வாங்கிக்கொண்டு, "அக்கா, என்ன விற்கிறாங்க, எவ்வளவு பெரிசு, வாங்கினால் வீட்டுக்கு என்ன வரும்?" என்று கேட்டேன். "நல்லா இருக்கா?" என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள்.

அக்கா சொன்னது: "நான்ஸ்டிக் தவா. ஆனா உள்ளே இரும்புன்னு போட்டிருக்கே, இரும்பு மேலே கோட்டிங்கா? 12 இன்ச்சுங்கிறது கைப்பிடியோடவா, கைப்பிடி இல்லாமலா? என் அடுப்பு ரெண்டு பர்னர், இதை வெச்சா பக்கத்துல குழம்புச் சட்டி நிக்குமா?"

உங்கள் 1,400 பேரும் ஏன் போனார்கள் என்பதற்கான பதில் பெரும்பாலும் இதிலேயே இருக்கிறது. தலைப்பில் "நேச்சுரல் நான்ஸ்டிக் தவா" என்று போட்டிருக்கிறீர்கள். தேடலில் மேலே வரட்டும் என்றுதான் போட்டிருப்பீர்கள், வந்தும் இருக்கிறது, ஆனால் வந்தவர்கள் தேடியது லேசான, பூச்சு போட்ட தவா. உள்ளே வந்து வார்ப்பு இரும்பு என்று பார்த்ததும் திரும்பிவிடுகிறார்கள். எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்ற அறிக்கை உங்கள் தளத்தில் கிடைத்தால் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் நான்ஸ்டிக் என்று இருந்தால் அவர்களை வாடிக்கையாளர் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். அந்தச் சொல்லை எடுத்தால் பார்வை குறையும், குறையட்டும்.

சரி, வார்ப்பு இரும்புதான் வேண்டும் என்று வருகிற மீதிப் பேருக்கு என்ன கிடைக்கிறது? போனில் "மேலும்" என்பதை அழுத்துவதற்கு முன் மூன்று வரிதான் தெரியும், அதில் நீங்கள் எழுதியிருப்பது "தலைமுறை தலைமுறையாகப் பாரம்பரிய முறையில், ஆரோக்கியமான வாழ்வுக்காக, உயர்ந்த தரத்தில்". இதை அப்படியே எடுத்து ஒரு செக்கு எண்ணெய் பாட்டிலுக்கு ஒட்டிப் பாருங்கள், பொருந்தும். மண்சட்டிக்கும் பொருந்தும். இப்படி வேறு பொருளுக்கும் பொருந்துகிற வரிகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனேன். உங்கள் பதினோரு வரியில் மிஞ்சியது நான்குதான், அந்த நான்கிலும் இரண்டு ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. மேலே "பழக்கிய கல், உடனே தோசை வார்க்கலாம்", கீழே "முதலில் 3 நாள் கஞ்சித் தண்ணீரில் ஊறவைக்கவும்". இரும்புக் கல்லில் வாங்குபவருக்கு இருக்கிற ஒரே பெரிய பயம் முதல் தோசை ஒட்டிக்கொள்ளுமோ என்பதுதான், சரியாக அந்த இடத்திலேயே அவரைக் குழப்பி விடுகிறீர்கள். போதாததற்கு ஒரு வரியில் "இரும்பு", இன்னொன்றில் "வார்ப்பு இரும்பு". தகட்டில் அடித்த இரும்புக் கல் லேசு, கீழே விழுந்தால் நெளியும். வார்ப்புக் கல் கனம், விழுந்தால் உடையும். இதை வீட்டில் புழங்கியவர்களுக்கு நன்றாகத் தெரியும், எது வரப்போகிறது என்று தெரியாமல் பணம் கட்ட மாட்டார்கள்.

போனில் நீங்கள் எனக்குச் சொன்ன விவரங்களை மட்டும் வைத்து முதல் வரிகளை இப்படி மாற்றிப் பாருங்கள்:

"வார்ப்பு இரும்பு தோசைக்கல், பூச்சு எதுவும் இல்லை. தோசை வார்க்கும் பரப்பு 12 இன்ச், கைப்பிடிகள் அதற்கு வெளியே, எடை 2.9 கிலோ. எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்கியே அனுப்புகிறோம்: கழுவி, துடைத்து, எண்ணெய் தேய்த்து வார்க்கலாம்."

இதற்குக் கீழே அடுப்பு விஷயம் வர வேண்டும். அடி தட்டையாக இருப்பதால் இண்டக்ஷனிலும் வைக்கலாம், ஆனால் குறைந்த சூட்டில் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும், கண்ணாடி மேல் இழுக்கக் கூடாது, சூடான கல்லில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம் என்று எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். இரண்டு பர்னர் அடுப்பில் ஓர் ஓரம் பக்கத்துப் பர்னர் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும் என்பதையும் மறைக்க வேண்டாம். அதைப் படித்துவிட்டு ஒருவர் போய்விட்டால், வாங்கிய பிறகு திருப்பி அனுப்பியிருக்கக்கூடிய ஒருவர் முன்கூட்டியே போனார், அவ்வளவுதான். 2.9 கிலோவைத் திரும்ப வரவழைக்கிற செலவு உங்களுக்கே தெரியும்.

அப்புறம், வழியில் உடைந்து வந்தால் என்ன செய்வீர்கள்? வார்ப்பு இரும்பு உடையும் என்று தெரிந்த ஒருவர் இதைக் கட்டாயம் யோசிப்பார், உங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு சொல்கூட இல்லை. உடைந்த கல்லின் படம் அனுப்பினால் வேறு கல் அனுப்புவீர்கள் என்றால் அதை ஒரே வரியில் எழுதுங்கள். அனுப்ப மாட்டீர்கள் என்றால் முதலில் அட்டைப்பெட்டியை மாற்றுங்கள். இதுவரை மெசேஜில் வந்த கேள்விகளையும் புரட்டிப் பாருங்கள். ஒரே கேள்வியை இரண்டு பேர் கேட்டிருந்தால் அந்த வரி பக்கத்தில் இல்லை என்று அர்த்தம், கேட்காமலே போனவர்கள் அதைவிட அதிகம்.

மாற்றும்போது எழுத்தையும் தலைப்பையும் மட்டும் மாற்றுங்கள், விலையும் படங்களும் அப்படியே இருக்கட்டும், எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. புதிய பார்வை 400 ஆகும்வரை பொறுங்கள். கார்ட் எண்ணிக்கை ஏறியும் ஆர்டர் வரவில்லை என்றால் அப்போது கூரியர் செலவையும் விலையையும் பார்ப்போம். கார்ட்டும் அசையவில்லை என்றால் அடுத்தது படங்கள்: நீங்கள் போட்டிருக்கும் ஐந்து படத்திலும் கல் வெள்ளைப் பின்னணியில் தனியாக நிற்கிறது, அடுப்பின் மேல் வைத்து, பக்கத்தில் ஒரு கரண்டியோடு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.