ஒரே பெயரில் இரண்டு டியூப் வந்தால்

“கும்பகோணத்தில் சின்ன லேப். சுற்றியுள்ள கலெக்‌ஷன் சென்டர்களிலிருந்து சாம்பிள் வருகிறது. இரண்டு செல்விகளின் ரிப்போர்ட் மாறிவிட்டது. எஸ்ஓபியில் என்ன எழுதுவது?”

சார், உங்கள் கவுண்டரில் லேபிள் ஒட்டுகிறீர்கள் என்றால் தவறு அங்கேதான். ரத்தம் எடுத்தவரே, நோயாளி நாற்காலியை விட்டு எழுவதற்குள், டியூபில் ஒட்ட வேண்டும். முன்கூட்டியே ஒட்டி வைப்பதும் கூடாது.

லேபிளில் முழுப்பெயர், பதிவு எண், எடுத்த தேதி, நேரம். இனிஷியலை மட்டும் நம்பாதீர்கள். கல்யாணமானதும் அப்பாவின் இனிஷியல் போய்க் கணவருடையது வந்துவிடும். “நீங்கதான் செல்வியா?” என்றால் பாதிப் பேர் தலையாட்டுவார்கள். “உங்க பேர் சொல்லுங்க” என்று கேட்க வேண்டும் என்பதையும் அப்படியே எழுதுங்கள்.

மூடியில் ஒட்டவே கூடாது, கழற்றினால் அடையாளம் போச்சு. டியூபின் நீளவாக்கில் நேராக ஒட்டி, ரத்த அளவு தெரிய ஓர் ஓரம் விடுங்கள். சாய்ந்திருந்தால் பார்கோடு ரீடர் படிக்காது.

வாங்கும்போது டியூப், படிவம், சென்டர் பட்டியல் மூன்றையும் ஒப்பிடுங்கள். படிவத்தில் “செல்வி, 42”, டியூபில் “செல்வி” மட்டும் என்றால் நிராகரித்து, காரணத்தைப் பதிவேட்டில் எழுதி, மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். “அது அவங்களோடதுதான், ஒட்டிக்கோங்க” என்று போனில் சொன்னால் ஏற்காதீர்கள். முதுகுத்தண்டு நீர், பயாப்சி போல மறுபடி எடுக்க முடியாதவற்றுக்கு மட்டும் விலக்கு: எடுத்தவர் நேரில் வந்து அடையாளம் காட்டிக் கையெழுத்திட வேண்டும், ரிப்போர்ட்டிலும் அதைக் குறிப்பிட வேண்டும்.

வந்த நேரத்தையும் எழுதுங்கள். காலை 7 மணிக்கு எடுத்த ரத்தம் சீரம் பிரிக்காமல் ஐஸ் பெட்டியில் மதியம் வந்தால், பொட்டாசியம் பொய்யாக ஏறியிருக்கும். சீரம் சிவக்காமலேயே ஏறும், கண்ணால் பிடிக்க முடியாது.